ஆறடித் தூரத்தில் ஓர் அங்குலம்

பாளையங்கோட்டை எஸ்றா பதினொரு படங்களில் வேலை பார்த்தவர். ஒன்றிலும் அவர் பெயர் திரையில் வந்ததில்லை, ஏனென்றால் பதினொன்றிலும் அவர் உதவியாளர். பன்னிரண்டாவது படத்தில்தான் ஃபோகஸ் வேலையை முழுதாக அவர் கையில் கொடுத்தார்கள். படம் முடிந்து ஓடும் பெயர் வரிசையில் 'ஃபோகஸ்: எஸ்றா' என்று தனி வரி வரும் என்றார் ஒளிப்பதிவாளர் வேதநாயகம். நாற்பத்தாறு வயது மனிதர் அந்த ஒரு வரிக்காகத் தேவாலயத்தில் சாட்சி சொல்லாத குறைதான்.

நடிகர் நடந்து வரும்போது அவர் கண் தெளிவாகவே இருக்கும்படி லென்ஸின் வளையத்தைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். இதுதான் அந்த வேலை. எஸ்றா கேமராவுக்குப் பக்கவாட்டில் நின்று, கையிலுள்ள சின்னக் கருவியின் சக்கரத்தைத் திருப்புவார். லென்ஸில் மாட்டிய மோட்டார் அதன்படி சுழலும். சரியாகச் செய்தால் உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. தவறினால் தியேட்டர் முழுக்கத் தெரியும். இவ்வளவு நியாயமான தொழிலைக் கண்டுபிடித்தவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

படப்பிடிப்பு கல்லிடைக்குறிச்சி படித்துறையில். நாயகன் இசக்கிதுரை இருபதடி தூரத்திலிருந்து நடந்து வந்து, கேமராவுக்கு ஆறடியில் நின்று, "நான் போறேம்மா" என்று சொல்ல வேண்டும். அவர் இடது தோளுக்குப் பின்னால், கேமராவிலிருந்து பன்னிரண்டடியில், தாயாக நிற்பவர் தனலட்சுமி. அப்பளம் இடுகிற உள்ளூர்க்காரர். முகம் பொருத்தமாக இருக்கிறது என்று அன்று காலைதான் பிடித்து வந்தார்கள். அவருக்கு வசனம் கிடையாது. மங்கலாக நிற்பது மட்டுமே அவருடைய பாத்திரம்.

ஏன் மங்கலாக? இயக்குநருக்கு நாயகனின் முகம் மட்டும் தெளிவாகவும், ஆறும் மனிதர்களும் வெண்ணெயாக உருகியும் தெரிய வேண்டும். அப்போது பார்ப்பவர் கண் வேறெங்கும் போக முடியாது. தெளிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் போகும். ஆகவே வேதநாயகம் நல்ல வெயிலில் லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு ஒளியைக் குறைத்து, லென்ஸில் ஒளி புகும் துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்தார். துவாரம் விரிய விரியத் தெளிவின் ஆழம் சுருங்கும். அந்த லென்ஸில், ஆறடித் தூரத்தில், தெளிவாக இருக்கக்கூடிய ஆழம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கண் தெளிந்தால் காது மங்கும்.

"ரெண்டு கண்ணாடிய எடுத்துட்டுத் துவாரத்தக் கொஞ்சம் சுருக்குவோம்ணே. நாலஞ்சு அங்குலம் கிடைக்கும்," என்றார் எஸ்றா.

"பின்னால ஆறு தெரிஞ்சிரும்வே," என்றார் வேதநாயகம். தாமிரபரணிக் கரையில் வந்து ஆறு தெரியக்கூடாது என்பது கலைத் தேவை.

எஸ்றா அளவு நாடாவால் அளந்தார். ஈரக் கல்லில் ஒட்டு நாடா நிற்கவில்லை. பத்தமடைப் பாய் ஒன்றின் விளிம்பிலிருந்து கிழித்த கோரைத் துண்டுகளைப் படிக்கல்லின் இடுக்குகளில் செருகி, நாயகன் நிற்க வேண்டிய இடங்களைக் குறித்தார். அந்த அளவுகளைக் கருவியின் வெள்ளை வளையத்தில் பென்சிலால் கோடு போட்டார். தனலட்சுமியையும் விடாமல் அளந்து பன்னிரண்டடிக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டார். தேவைப்படாது என்று தெரியும். தொழில் பழக்கம்.

முதல் டேக். நாயகன் ஆறடிக்கு வந்து, உணர்ச்சி தாங்காமல் நாலு விரல் கூடுதலாக வந்து நின்றார். திரையில் அவருடைய காது மிகத் தெளிவாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்த தயாரிப்பாளர் நாயகனுடைய மைத்துனர். "சனம் காதப் பாக்கவா டிக்கெட் வாங்குது?" என்றார்.

இரண்டாவது டேக்கில் ஒரு முழம் குறைவு. மூன்றாவதில் கூடுதல். எஸ்றா படிக்கல்லைப் பார்த்தார். கோரை ஒன்றுகூட இல்லை. மறுபடி செருகினார். நான்காவது டேக்குக்கு முன்னால் மறுபடி காணோம்.

ஐந்தாவதில் கண்டுபிடித்தார். நாயகனின் உதவியாளன் கோமதிசங்கர், தச்சநல்லூர்க்காரன், ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் தென்னை விளக்குமாற்றால் படியைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். அண்ணன் வெறுங்காலில் நடக்கும் பாதையில் துரும்பு கிடக்கக்கூடாதாம். மூன்று வருஷமாக அதுதான் அவன் வேலை. அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

"ஏலே, அது குப்பையில்லலே, குறி. அண்ணன் அங்கன நின்னாத்தான் முகம் தெளியும்."

"அண்ணன் கால்ல குத்திச்சுன்னா நீரு பதில் சொல்லுவீரா? அண்ணன் எங்கன நிக்காரோ அங்கன தெளிய வைக்கத்தான உம்ம கூப்பிட்டிருக்கு," என்றான் கோமதிசங்கர்.

"ஒரு அங்குலம்லே. வெறும் ஒரு அங்குலம்."

"அண்ணனுக்கு அளவு போடுதீரோ?"

எஸ்றா இயக்குநரிடம் போனார். இயக்குநர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் நாயகனைப் பார்த்தார். நாயகன் எஸ்றாவைத் தவிர எல்லாரையும் பார்த்து, "நான் உணர்ந்து நடிக்கிறவன். கோட்டுல நிக்க நான் என்ன கபடியா ஆடுறேன்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "இன்னும் ஒரு தடவ மங்கிச்சுன்னா சென்னையிலருந்து ஆள் வரும்," என்றார் மைத்துனர், சிரிப்பு முடிவதற்குள்.

எஸ்றாவுக்குக் காது சுட்டது. தனி வரி கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

இத்தனை டேக்கிலும் ஓர் இம்மிகூட நகராமல் நின்றவர் தனலட்சுமி ஒருவர்தான். வெயிலில் இரண்டு மணி நேரம். நாற்காலி இல்லை, குடை இல்லை. "எங்கன நிக்கணும்னு சொன்னியளோ அங்கனதான நிக்கேன் தம்பி," என்றார் ஒருமுறை எஸ்றாவிடம், திட்டு தனக்கும் சேர்த்தோ என்று பயந்து.

ஒன்பதாவது டேக். நாயகன் நடந்து வந்தார். இருபது, பதினைந்து, பத்து. எஸ்றாவின் விரல் கூடவே வந்தது. ஆறடியில் நாயகன் நிற்கவில்லை. ஒரு சாண் தாண்டி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே உணர்ந்தார். எஸ்றா ஒரு கணம் துரத்தினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, கோபத்தோடு, அவசரப்படாமல், சக்கரத்தைப் பைய பன்னிரண்டடிக்குத் திருப்பி நிறுத்தினார்.

மானிட்டரில் நாயகன் பெரிய பழுப்பு மேகமாகக் கரைந்தார். அவர் தோளுக்கு அப்பால் தனலட்சுமியின் முகம் எழுந்து வந்தது: கன்னத்து வியர்வை, உளுந்து மாவு உலர்ந்த நெற்றி, அடக்கிய தாகம். மேகம், "நான் போறேம்மா" என்றது. தனலட்சுமி எச்சில் விழுங்கினார். தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போன பையனும் நின்றுவிட்டான்.

"நான் எங்க?" என்றார் நாயகன், மானிட்டரைப் பார்த்து.

"அம்மா மேல ஃபோகஸ் வச்சிருக்கேன். அவங்கதான் நின்ன இடத்துல நிக்காங்க," என்றார் எஸ்றா.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவரை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

படம் வந்தபோது அந்த டேக்தான் இருந்தது. மற்ற எட்டிலும் காது; சென்னை ஆள் வருமுன் நாயகனின் கால்ஷீட் முடிந்துவிட்டது. ஊர் அழுதது. நாயகன் பேட்டியில் சொன்னார்: "தாய்க்கு முன்னால நாயகன் மங்கணும்னு நான்தான் ஃபோகஸ்காரர்கிட்ட பிடிவாதமா சொன்னேன். எனக்கு ஈகோ கிடையாது." பணிவுக்காக அவருக்கு இரண்டு ஊர்களில் பாராட்டு விழா நடந்தது.

ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் காலைக் காட்சிக்குப் போன எஸ்றா பெயர் வரிசை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. சாப்பாடு போட்டவர் பெயர் வந்தது. ஜெனரேட்டர் வந்தது. 'ஃபோகஸ்: கோமதிசங்கர்' என்று தனி வரி வந்தது. அவர் இருக்கைக் கைப்பிடியைக் குத்திய குத்தில் விரல் கணுவில் தோல் உரிந்தது.

அன்றே திரைத் தொழிலாளர் சங்கத்துக்குப் புகார் எழுதினார். அந்தக் காட்சியில் ஃபோகஸ் செய்தது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுக் கடிதம் வந்தது. 'படத்தைப் பாருங்கள்' என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

விசாரணைக் குழு உட்கார்ந்து படத்தைப் பார்த்ததாம். அந்தக் காட்சியில் மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். தீர்ப்பு இன்னும் வரவில்லை.