ஆபரேஷன் வேண்டாம் என்ற ஆஸ்பத்திரி

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. பேசுகிறவர்களின் குடும்பக் கதை முழுக்க என் காதில் விழும். சென்னையில் ஆபரேஷனுக்குப் படுத்திருக்கும் சொந்தக்காரரை விசாரிக்க தினம் நாலு பேராவது வருவார்கள். எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கும், எங்கே அலைய விடுவார்கள் என்பதெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதுதான். ஊரில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் பூத்து அக்காவான என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

அப்போது என் தங்கைக்கு இருபது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது இதயத்தில் ஓட்டை என்று மதுரையில் சொல்லி, சென்னைக்குக் கொண்டுபோய் மூடச் சொன்னார்கள். மாதம் தவறாமல் சளி, பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும். அப்பா பணத்துக்கு அலைந்துகொண்டிருந்த இடைவெளியில் அவளுக்குத் தானாகவே சரியாகிவிட்டது. ஐந்து வயதில் தெருவெல்லாம் ஓடினாள். அப்பா இறந்தபின் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இப்போது மாடிப்படி ஏறினால் உதடு நீலம் பாரித்தது. நகங்கள் உருண்டு தடித்திருந்தன. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நேரம் வேறு. உள்ளூர் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார்.

நான் திட்டம் போட்டேன். டெஸ்டுக்கு நாலு நாள், ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யு.வில் இரண்டு மூன்று நாள், வார்டில் ஒரு வாரம், தையல் பிரித்து மறுபடி காட்டும்வரை பக்கத்திலேயே பத்து நாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் சமைத்துக்கொள்ள அடுப்போடு ஒரு லாட்ஜ் அறை. கூட ஒருவர்தான் தங்க முடியும் என்பதால் அம்மாவும் நானும் முறை வைத்துக்கொள்வது. ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கேட்பார்கள். பூத்துக்குப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் ஃபோன் வந்ததும் பஸ் ஏறத் தயாராக இருந்தார்கள். அம்மா தன் பங்குக்குக் காலண்டரில் அஷ்டமி, நவமிகளைச் சுழித்துவைத்தாள். கல்யாண வீட்டில்கூட அப்படி ஒரு ஏற்பாட்டைப் பார்த்ததில்லை.

முதல் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். பிறகு தொடை வழியாகக் குழாய் விட்டு நுரையீரல் ரத்தக் குழாயின் அழுத்தத்தை அளந்தார்கள். தங்கை காலை மடக்காமல் வார்டில் படுத்துக் கிடந்தபோது டாக்டரம்மா எங்கள் இருவரை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

"ஓட்டைய மூடக்கூடாதும்மா" என்றார். முடியாது என்று சொல்லவில்லை, கூடாது என்றார்.

இத்தனை வருடம் அதிக ரத்தம் பாய்ந்து நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகிவிட்டன. இனி அவை இளகாது. இப்போது இதயத்துக்கு அந்த ஓட்டைதான் வடிகால், அதை அடைத்தால் தாங்காது என்று நிதானமாக விளக்கினார். கல்யாணம் அவள் விருப்பம், கர்ப்பம் மட்டும் கூடவே கூடாது என்றார். அம்மாதான் விடாமல் கேட்டாள்.

"நடுவுல நல்லாயிருந்துச்சே டாக்டரம்மா? அஞ்சு வயசுல எம்புட்டு ஓட்டம் ஓடுனா தெரியுமா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அது குணமானது இல்லம்மா. குழாய் இறுக இறுக நுரையீரலுக்குப் போற ரத்தம் கொறஞ்சது. அதனாலதான் மூச்சு வாங்கல. அதுக்கு முன்னாடியே மூடியிருக்கணும்."

எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தட்டிக் கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா பதிலுக்குக் கத்தவில்லை. ரிப்போர்ட்டையும் பிலிமையும் பெரிய கவரில் போட்டு, பின் அடித்து என் கையில் தந்தார். மாத்திரை உண்டு, வருடக்கணக்கில் வாழலாம், வேறு எங்கே காட்டினாலும் இதைக் காட்டுங்கள் என்றார்.

தங்கையிடம், "இங்க வசதி பத்தாதாம். வேற ஆஸ்பத்திரி பாக்கணும்" என்று மட்டும் சொன்னேன். லாட்ஜ் மேனேஜர் எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். "இவங்க எப்பவும் இப்படித்தாம்மா பயமுறுத்துவாங்க. நான் சொல்ற எடத்துக்குப் போங்க, உடனே தேதி தருவாங்க."

போனோம். அங்கே ஓர் இளம் டாக்டர் தங்கையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எங்கயாவது காட்டினீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

கவர் என் மடியில், பைக்குள் இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஆஸ்பத்திரி அல்ல, ஆகட்டும் என்று சொல்ல ஒரு வாய். திங்கட்கிழமை சேருங்கள், டெஸ்டெல்லாம் இங்கேயே எடுத்துக்கொள்வோம், புதன்கிழமை ஆபரேஷன் என்று சீட்டெழுதித் தந்தார்கள். ஓடிப்போய் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஃபோன் போட்டு நாலு பேரையும் கிளம்பச் சொன்னேன். அம்மா அன்று ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் காலையில் துணி துவைத்துவிட்டு அறைக்கு வந்தேன். தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கவர். சீப்புத் தேடிப் பையைத் துழாவியிருக்கிறாள்.

"பின் அடிச்சபடியே இருந்துச்சுக்கா. அந்த டாக்டர்கிட்ட நீ காட்டவே இல்லையா?"

பின்னை எடுத்துவிட்டு ரிப்போர்ட்டை அவள் படித்து முடித்திருந்தாள். பி.காம். படித்தவள். கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினாள். ஆபரேஷன் செய்யத்தக்கதல்ல என்று இங்கிலீஷில் தட்டச்சு செய்திருந்தது.

"மூடுனா செத்துப்போவேன், அதானே?"

மழுப்பப் பார்த்தேன். முடியவில்லை. "ஆமா" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சுமா இல்லேன்னு சொன்ன?"

அவள் கத்தவில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரி சொன்ன நான், கூடப் பிறந்தவளைத் தெரிந்தே கத்திக்குக் கீழே படுக்கவைக்க இருந்தேன். அங்கே அவர்களும் டெஸ்ட் எடுத்து நிறுத்தியிருக்கலாம், நிறுத்தாமலும் போயிருக்கலாம். அவள்தான் சொன்னாள்: "மொத ஆஸ்பத்திரிக்கே போவோம். மாத்திரை எழுதித் தரச் சொல்லு. அந்த அண்ணன்மாரு கெளம்புறதுக்குள்ள போய் ஃபோன் போடு."

மூன்று வாரத்துக்கு மேல் என்று வந்தவர்கள் ஒன்பதாம் நாள் ரயிலேறினோம். அந்த மாத்திரைகளோடு தங்கை பதினோரு வருடம் இருந்தாள். வேலைக்குப் போனாள், கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். என்னோடு மறுபடி சிரித்துப் பேச மட்டும் அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

அன்று ரயில் விழுப்புரம் தாண்டியிருந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "இவளுக்கு மூச்சு வாங்குறது நின்ன அன்னைக்கு நான் சர்க்கரைப் பொங்கல் வச்சு தெருவுக்கே குடுத்தேன்."

தங்கை அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஞாபகம் இருக்கும்மா" என்றாள். "நல்லா இருந்துச்சு."