சல்லடை மேடமும் ஒரு சந்தேகப் பேர்வழியும்

வங்கியில் அவளுக்குச் சல்லடை மேடம் என்று பெயர். கணக்குக்காரர் தன் சார்பில் இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம் எதுவானாலும் அவள் மேசையைத் தாண்டாமல் உள்ளே போகாது. "என் கையெழுத்தைக்கூட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் தாலி கட்டிக்கிட்டா" என்று கணவர் கிண்டலடிப்பார். அவள் கண்டுகொள்வதில்லை. ஏமாந்தால் வயிறெரிவது கணக்குக்காரருக்குத்தானே!

அன்று ஒரு பெண் அப்பா எழுதிக் கொடுத்த பத்திரத்தோடு வந்தாள். அப்பாவுக்கு மூட்டு தேய்ந்து நடக்க முடியவில்லை, மறுநாள் ஆபரேஷன். மாலைக்குள் அவர் கணக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கட்டியாக வேண்டும்.

சல்லடை மேடம் அசல் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நோட்டரி முத்திரை, சாட்சிகள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, எல்லாம் இருந்தன. வங்கியிலிருந்த மாதிரிக் கையெழுத்தோடும் பொருந்தியது. காலக்கெடு எதுவும் இல்லை. மகள் செக்கில் கையெழுத்திடலாம், பணம் எடுக்கலாம். டெபாசிட்டை உடைக்கவோ கடன் வாங்கவோ அனுமதி இல்லை.

"எல்லாம் சரியா இருக்கும்மா. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். அவர் ரத்து பண்ணியிருந்தா இது செல்லாதே."

தன் கைபேசியிலிருந்து அவரை அழைத்தாள். மணி அடித்தது. உடனே துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மகள் தன் போனிலிருந்து முயன்றாள். அதே கதை.

"அப்பா போனை அணைக்கவே மாட்டாரே! வீட்ல தனியா இருக்கார் மேடம்..." பணம், பத்திரம் எல்லாம் மறந்து பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கணக்குக்காரர் போய்விட்டால் பத்திரமும் செல்லாமல் போய்விடும் என்பது சல்லடை மேடத்துக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்மீதே எரிச்சல் வந்தது.

அப்போது வங்கித் தொலைபேசி அலறியது.

"பேங்க்தானே? பாஸ்புக்ல இருக்கற நம்பரைப் பார்த்துப் பண்றேன். தெரியாத நம்பர்லேர்ந்து எவனோ கூப்பிட்டு ஏமாத்தப் பார்க்கறான். போனையே அணைச்சுட்டேன், இப்பதான் திறந்தேன்!"

தெரியாத எண் வந்தால் துண்டித்து அணைத்துவிடுங்கள் என்று வயதானவர்களைக் கூட்டி வைத்துப் பாடம் எடுத்தவள் சாட்சாத் சல்லடை மேடம்தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, ஓடாதீங்க! அப்பா லைன்ல இருக்கார்!" என்று கூவினாள்.

"ஐயா, கூப்பிட்டது நான்தான். மகளுக்கு என்னென்ன அதிகாரம் கொடுத்தீங்க?"

"செக்கு போடலாம், பணம் எடுக்கலாம். டெபாசிட்ல கை வெச்சா தொலைச்சுடுவேன்னு சொல்லுங்க."

பத்திரத்தில் இருந்ததும் அதேதான். ஓடி வந்த மகள் ரிசீவரைப் பிடுங்கி, "அப்பா!" என்றாள். மறுமுனையிலிருந்து திட்டு தாராளமாக வந்தது.

ரிசீவரை வைத்ததும், மகள் கண்ணைத் துடைத்தபடியே அட்டையில் தன் மாதிரிக் கையெழுத்தைப் போடப் பேனாவை எடுத்தாள். சல்லடை மேடம் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருங்கம்மா. இனிமே நீங்க செக்கு கொண்டு வரும்போதெல்லாம் இதோடதான் ஒப்பிடுவேன். தண்ணி குடிங்க. கை நடுக்கம் நிக்கட்டும்."