மேலாளரின் நாற்காலி

விருத்தாம்பாளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகப் பிரம்பு நாற்காலி பின்னிக்கொண்டிருந்தாள். 2006-ல் மாற்றலாகி வந்த மேலாளர் இளவரசு, தன் நாற்காலி தொய்ந்தபோது அவளிடம் தரவில்லை.

"அந்தம்மா தடவித் தடவி மூணு நாள் பின்னும். ரெடிமேட் பிரம்பு வலை வாங்கி அடிச்சிடுங்க" என்றார், அவள் காதுபடவே.

மேலாளர் நின்று பார்க்க, தச்சர் காய்ந்த வலையை அப்படியே வைத்து ஆணியடித்தார். பத்தே நாளில் வலை கிழிந்து, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மேலாளர் இடுப்புவரை உள்ளே இறங்கிவிட்டார். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

பிறகுதான் நாற்காலி அவளிடம் வந்தது. சட்டத்தை விரலால் சுற்றிவந்தாள்.

"வலைய ஊறவச்சு, சட்டத்துல காடி வெட்டின பள்ளத்துல அழுத்தி ஒட்டணும். காயறப்பதான் இறுகும். இது ஓட்டையில இழை கோத்துப் பின்ற நாற்காலி சார்."

"அப்ப நீயே பின்னு."

"எதுல பின்றது? ஆணியடிச்சதுல ஓட்டைக்கு ஓட்டை மரம் பொளந்து கெடக்கு. இழைய இழுத்தா பேந்துடும். கண்ணு இருக்கிறவுங்கதான நின்னு பாத்தீங்க?"

புது நாற்காலி வர ஏழு மாதமானது. அதுவரை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் அதிகாரம் பண்ணினார்.