கயிற்றுக்கு இந்தப் பக்கம்

எங்கள் மில்லின் செக்யூரிட்டி ஆபீசர் அழகுராஜாவுக்குக் கால் ஓர் இடத்தில் தரிக்காது. கேட்டைப் பூட்டுவார், பத்தடி போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். டைம் ஆபீசில் எனக்கு எதிரே அவருடைய நாற்காலி. அதில் அவரைவிட அவருடைய தொப்பி உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம்.

சோழபுரத்துக்காரர். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் லைன் இழுத்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் பென்ஷனோடு இராஜபாளையத்தில் மில் வேலைக்கு வந்தவர். அவர் பிரம்மபுத்திராவில் வெள்ளத்தோடு வெள்ளமாக நீந்திக் கரையேறிய கதையை மில்லில் கேட்காத ஆள் கிடையாது. அவர் ஒரு தடவை சொன்னால் நாங்கள் பத்துத் தடவை சொல்வோம். நானே புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, சொந்தச் சரக்கும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கதைக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் மனைவி சண்முகத்தாய் மகாராஜபுரத்துப் பெண். அந்த அம்மாவுடைய தம்பி பத்து வயதில் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே பிடி, நீச்சல் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்று. லீவில் பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் கேட்டிருக்கிறார். "நீச்சலா மாமா, ஆத்தையே தாண்டுவேன்" என்று இவர் சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்தது. அது ஆச்சு இருபத்தெட்டு வருடம்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. அய்யனார் கோயில் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் அழகுராஜா மட்டும் பாறையில் நின்று எங்கள் சட்டை, செல்போனையெல்லாம் காவல் காப்பார். பட்டாளத்து ஒழுங்கு என்று நான் மெச்சிக்கொண்டேன். என்னை என்ன சொல்ல.

இந்த வருடம் மாசிக் கடைசியில் ஸ்டாஃப் குடும்பங்களை ஒருநாள் டூர் கூட்டிப் போகலாம் என்றபோது, சண்முகத்தாய், புருஷன் கூட வருகிற தைரியத்தில் கடல்தான் என்று பேர் கொடுத்துவிட்டார். அழகுராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குற்றாலம் என்றார், மூணாறு என்றார். எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அதனால் விசாரித்து, மண்டபம் ஊருக்கு இந்தப் பக்கம் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன். கண்ணாடிப் படகில் உட்கார்ந்தபடியே கடலடியைப் பார்க்கலாம். பக்கத்திலேயே மணல்திட்டு குறுக்கே கிடக்கிற காயல்; அலை உள்ளே வராது. முழங்கால் தண்ணீரில் நின்று குளித்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. "அப்ப நனையாமலே பாத்துட்டு வந்துரலாமா?" என்றார். அப்புறம் கண்ணாடி எம்புட்டுத் தடிப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்குமா என்று ஒரு வாரம் என்னைத் துளைத்தெடுத்தார். பெண்டாட்டி மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளனே புறப்பட்ட வேன் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டுமுன் அவர் மூன்று தடவை ஆளை எண்ணிவிட்டார். ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்று இல்லை. படகோட்டி கிறிஸ்துராஜ், வெயில் ஏறியிருக்கிறது, தண்ணீர் கலங்காமல் இருக்கிறது, நல்ல நேரத்துக்கு வந்தீர்கள் என்றார். ஒவ்வொருவருக்கும் ஜாக்கெட் மாட்டி, பக்கிளை அவரே இழுத்துப் பார்த்தார். "மீனப் பாத்த ஆசையில எல்லாரும் ஒரு பக்கமா எந்திரிச்சிராதீங்க, படகு சாயும்" என்று சொல்லி, கண்ணாடியைச் சுற்றி இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக உட்கார வைத்தார்.

படகின் நடுத்தரையில் பெட்டி மாதிரி அடைத்து, அடியில் கண்ணாடி பதித்திருந்தது. எஞ்சினைக் குறைத்ததும் கடற்புல் ஆடுவது தெரிந்தது. பிறகு பவளப்பாறை, நட்சத்திர மீன், சும்மா கிடக்கிற கடல் அட்டை. சண்முகத்தாய் குனிந்தவர் நிமிரவில்லை. தண்ணீர் என்றால் தொட்டிக்குப் பக்கத்தில்கூடப் போகாத மனுஷி, கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார்.

"இம்புட்டுக் கிட்டத்துலயா தரை இருக்கு?"

"கண்ணுக்கு அப்படித்தாம்மா தெரியும். நாலடின்னு நெனச்சா அஞ்சடிக்கு மேல இருக்கும்" என்றார் கிறிஸ்துராஜ்.

அவர் சொன்னது அந்த அம்மா காதில் ஏறவில்லை. அழகுராஜா காதில் ஏறியது. கண்ணாடியைப் பார்க்காமல் கரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

காயலில் இறங்கினோம். இடுப்பளவு ஆழம் வருகிற இடத்தில் எல்லையாக ஆரஞ்சு மிதவை கோத்த கயிறு கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து ஆட்டம் போட்டன. சண்முகத்தாய்க்குத் தைரியம் வந்துவிட்டது. நேரே கயிற்றண்டை போய் நின்றார். அந்தப் பக்கமும் மணல் பளிச்சென்று தெரிந்தது.

"அம்மா, தாண்டக் கூடாது. நீச்சல் தெரிஞ்சவங்க மட்டுந்தான், அதுவும் நான் கூட வந்தாத்தான்" என்று கிறிஸ்துராஜ் கரையிலிருந்து சொன்னார்.

"அதான் அவிய இருக்காவல்ல."

கிறிஸ்துராஜ் அழகுராஜாவைப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் நின்ற அழகுராஜா தன் ஜாக்கெட் பக்கிளை இழுத்துப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "பிரம்மபுத்திராவையே நீந்துன மனுசன்ங்க" என்றேன்.

சண்முகத்தாய் அதற்குள் ஜாக்கெட் பக்கிளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். கழுத்தை இடிக்கிறதாம். "வாங்க, நீங்க இருக்கையில எனக்கென்ன" என்று ஒரு கையைப் புருஷனை நோக்கி நீட்டிக்கொண்டு, மறு கையால் கயிற்றைத் தூக்கினார். கிறிஸ்துராஜ் தண்ணீருக்குள் ஓடி வந்தார்.

"ஏட்டி, நில்லு. எனக்கு நீச்சல் தெரியாது."

பரேடு மைதானத்துக் குரல். காயல் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தோடு சொல்கிறேன், சத்தமாகவே சிரித்தேன். கூட இரண்டு பேர் சிரித்தார்கள். சண்முகத்தாய் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டோம்.

அவர் கயிற்றை விட்டார். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப அஸ்ஸாம்ல?"

"போட்ல ஏத்துனாக. ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"எங்க அய்யாட்ட சொன்னது?"

"ஒன்னையக் கெட்டணும்னுதான். வேற என்ன."

இந்த இடத்தில் எந்தப் பொம்பளையும் கொஞ்சம் இளகிவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும். அந்த அம்மா ஏதோ கணக்குப் போடுகிறவரைப் போல நின்று, பிறகு மெதுவாகப் பேசினார்.

"நீங்க அஸ்ஸாம்ல இருந்த அந்த வருசம் டிவியில தெனமும் வெள்ளம். பட்டாளத்து ஆளுகளையே இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்னான். ஒங்க அம்மா சோறு திங்கல. ஒங்க தங்கச்சி கோயில் கோயிலா நடந்தா. எல்லாரும் என்னயப் பாத்து, இவளுக்கு நெஞ்சு கல்லுன்னாக. நா சொன்னேன், அவியளுக்கு நீச்சல் தெரியும், ஒண்ணும் ஆவாதுன்னு."

"சண்முகம், விடு."

"ஒரு வெளக்கு ஏத்தல. ஒரு நா ஒங்களுக்காகக் கும்பிடல. நல்லாச் சாப்பிட்டேன். நல்லாத் தூங்குனேன்."

அழகுராஜா அவர் தோளில் கை வைக்கப் போனார். அந்த அம்மா கையைத் தட்டிவிட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவருடைய ஜாக்கெட்டின் முன்பட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பல வருடம் முன்னால் அழ வேண்டியதை இப்போது அழுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒங்களத் தண்ணி கொண்டு போயிருந்தா, இங்க நா தூங்கிக்கிட்டுல்ல கெடந்திருப்பேன்" என்றார்.