எல்லாம் மணிக்குச் சரியாக

அலுவலகத்தில் அவளுக்கு ‘நிமிஷக்கா’ என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். ஆனால் அந்தப் பெயரை வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சேர்ந்த நாளிலிருந்து ஒப்பந்த ஊழியர். நிரந்தரமானால் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாம். அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் பழுது. அதனால் நிரந்தரமாக்கும் அந்த ஒரு கையெழுத்துதான் அவளுக்குக் கனவு, கவலை எல்லாம்.

ஆஸ்பத்திரிகளின் சார்பில் நோயாளிகளுக்கு ‘இன்று டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்று குறுஞ்செய்தி அனுப்புவது கம்பெனியின் தொழில். குறித்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகவே செய்தி அனுப்பும்படி, ஆஸ்பத்திரிக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் நிரல்கள். எழுதிய புண்ணியவான்கள் எல்லோரும் ‘மணிக்குச் சரியாக’ என்றே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மணி ஆனதும் அத்தனையும் ஒரே வாசலில் போய் முட்டும். செய்திகளை வாங்கிப் போன்களுக்கு அனுப்பும் வெளி நிறுவனம் நிமிஷத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருந்தது. மிஞ்சியதைத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பியவையாவது புத்தியோடு நடந்துகொள்ளுமா? சரியாக ஒரு நிமிஷம் கழித்துக் கூட்டமாகவே போய் மறுபடி முட்டும். அந்த அமளி ஓய்ந்த பிறகு அடுத்த மணி வரை சர்வர் சும்மா கிடக்கும்.

நிமிஷக்காதான் இதைப் பிரித்துப் போட்டாள். ஆஸ்பத்திரியின் பெயரை வைத்துக் கணக்கிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம். ஒன்றுக்கு மணி அடித்துப் பன்னிரண்டாவது நிமிஷம், இன்னொன்றுக்கு நாற்பத்தொன்றாவது நிமிஷம். பெயர் மாறாதவரை நிமிஷமும் மாறாது. திரும்பி வந்தவை ஆளுக்கொரு நேரம் காத்திருந்து, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பொறுத்து முயலும்படி செய்தாள். அன்றிலிருந்து காலை அமளி நின்றது. யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. தொந்தரவு இல்லாத வேலையை யார் கண்டுகொள்கிறார்கள்?

ஒருநாள் மேனேஜர் அவள் மேசைக்கு வந்தார்.

“பெரிய ஆஸ்பத்திரி முதலாளி கோவமா இருக்காரு. அவங்க மெசேஜ் ஒன்பதே முக்காலுக்குப் போகுதாம். டான்னு ஒன்பதுக்குப் போகணுமாம்.”

“அவங்களை மட்டும் ஒன்பதுக்கு மாத்திடறேன் சார். ஒண்ணு ரெண்டு போனா தாங்கும்.”

“நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான். எல்லாத்தையும் மணிக்கே வைங்க. பழைய செட்டிங்கை அப்படியே போட்டுடுங்க.”

“எல்லாம் ஒரே நேரத்துல போனா வெளிக் கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்பிடுவாங்க சார். முன்னாடி பட்டிருக்கோமே.”

“அது அப்போ.”

“அப்படின்னா எல்லாத்தையும் மாத்தச் சொல்லி ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க சார்.”

மேனேஜர் சிரித்தார். “என் மேல நம்பிக்கை இல்லையா? உங்க பர்மனென்ட் விஷயம் என் மேசையிலதான் இருக்கு.”

அவளுக்கு அம்மாவின் முகம் கண்முன் வந்தது. எல்லாவற்றையும் மணிக்கே மாற்றினாள். தெரிந்தே செய்தாள், அதுதான் கொடுமை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரிகள் பாதி மூடியிருக்கும். ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா?” என்று மேனேஜர் போனில் கேட்டார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கதை கந்தலாகிவிட்டது. செய்திகள் திரும்பின. திரும்பியவை சேர்ந்து போய் முட்டின, மறுபடி திரும்பின. ஓயாமல் தட்டுகிறார்கள் என்று வெளி நிறுவனம் இவர்கள் கணக்கையே சாயங்காலம் வரை நிறுத்திவைத்தது. ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கூட்டத்தில் பெரிய அதிகாரி கேட்டார், “யார் மாத்தினது?”

திரையில், மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருந்தது. அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“இவர் சொல்லித்தான் மாத்தினேன் சார்.”

“நான் அந்த ஒரு ஆஸ்பத்திரியைத்தான் சொன்னேன்,” என்றார் மேனேஜர், கூசாமல். “இவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க.”

மேற்கொண்டு பேச அவளிடம் ஒரு வரி ஆதாரம் இல்லை. ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது, நீட்டிப்பதில்லை என்று முடிவாயிற்று.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அவள் பின்னாலேயே வந்தார். “போறதுக்கு முன்னாடி அந்த நிமிஷக் கணக்கை மறுபடி போட்டுட்டுப் போங்கம்மா. வேற யாருக்கும் தெரியாது.”

நாசமாகப் போகட்டும் என்று விட்டுவிடலாம் என அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் செய்திக்காகக் காத்திருக்கும் நோயாளிகளில் அவள் அம்மாவும் ஒருத்தி. உட்கார்ந்து, ஒன்று விடாமல், பழையபடி பிரித்துப் போட்டாள்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணி சத்தமில்லாமல் கடந்தது. மேனேஜர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா? இதுக்குப் போயா இத்தனை நாள் தனியா ஒரு ஆளு வெச்சிருந்தோம்,” என்றார்.