நான்கு துளைகளும் எட்டு கிலோவும்

திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகம். நாற்பது மேசைகளுக்கு, மானிட்டரை அந்தரத்தில் தாங்கும் இரும்புக் கை பொருத்தும் வேலை எனக்கும் அக்காள் புருஷனுக்கும் கிடைத்தது. மார்த்தாண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவோம்.

அத்தானுக்கு ஒரு வழக்கம். புது மாடல் மானிட்டர் எது வந்தாலும் ஸ்டாண்டைக் கழற்றி, பின்னாலிருக்கும் நான்கு துளைகளின் இடைவெளியை டேப்பால் அளப்பார். எழுபத்தைந்து மில்லிமீட்டரா, நூறா என்று பார்ப்பார். அதோடு விடமாட்டார். விமானத்தில் போகிறவர்கள் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை வைத்திருந்தார். நாடாவில் மானிட்டரைக் கட்டி, மீன் நிறுப்பது போல அதில் தூக்கிப் பார்ப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

கடைசி மேசையில் மட்டும் வளைந்த பெரிய மானிட்டர். அத்தான் சாயா குடிக்கப் போயிருந்தார். நான் துளையை அளந்தேன், நூறு. கையின் தகட்டில் நான்கு திருகும் லேசாக ஏறின. துளை சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற அவசரக்காரன் நான். கூட வந்த தாளில் அந்த இரும்புக் கை எட்டு கிலோ வரைதான் தாங்கும் என்று போட்டிருந்தது. நிறுக்கவில்லை. என் பிடியை விட்டதும் மானிட்டர் மெல்லத் தாழ்ந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். அலன் கீயைப் போட்டு, இனி திரும்பாது என்கிற வரைக்கும், எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கை இறுக்கினேன். நின்றது.

அத்தான் திரும்பி வந்து கேட்டார். "எடை பாத்தியாலே?"

"பாத்தாச்சு அத்தான். ஏழரை."

அவர் தலையாட்டிவிட்டுப் பையைக் கட்டினார். என் வார்த்தையை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

நான்காம் நாள், மானிட்டர் மறுபடி தொங்குகிறது என்று கூப்பிட்டார்கள். அத்தான் மேசை விளிம்பில் வலது கையை ஊன்றிக் குனிந்து, இரும்புக் கையை மேசையோடு கவ்வியிருக்கும் அடிக் கிளாம்பைப் பார்த்தார். மேலே, தகட்டைத் தாங்கும் மூட்டு விண்டுபோய், மானிட்டர் அப்படியே அந்தக் கைமேல் விழுந்தது. அவர் கத்தவில்லை. மூச்சை மட்டும் இழுத்தார்.

மேற்பார்வையாளர் ஓடி வந்து மலையாளத்தில் கேட்டார். "இது ஆரா ஃபிட் செய்தே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான், "ஞானா சாரே" என்று தன்மேல் போட்டுக்கொண்டார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பைகளை எடுக்கத் திரும்பி வந்தபோது அந்த மானிட்டரைத் தராசில் தூக்கி நிறுத்தேன். ஒன்பது கிலோ அறுநூறு.

மூன்று விரல்கள் முறிந்திருந்தன. கட்டுப் பிரித்த பிறகும் இரண்டு மடங்கவில்லை. ஸ்குரூ டிரைவர் அந்தக் கையில் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பாவி என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் அப்படிச் சொன்ன அன்றைக்கு மத்தியானம், வீட்டில் அக்காள் சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எப்படி இப்படி ஆச்சு என்று பத்தாவது முறையாகக் கேட்டாள்.

"ஆரக் குத்தம் சொல்ல? நான்தான் கைய அங்க கொண்டு வச்சேன்" என்றார். பிறகு என்னைக் காட்டி, "பாவம், இவன்தான் அண்ணைக்கு ரொம்பப் பயந்துட்டான். அவனுக்குச் சோறு போடு" என்றார்.

அக்காள் போட்டாள். சாப்பிட்டேன்.