கபடிக்குக் கீழே கேரம்

எங்கள் கண்டெய்னர் யார்டில் வருடத்துக்கு ஒருமுறை செக்‌ஷனோடு ஒருநாள் வெளியே போவோம். மேனேஜருக்குத் திட்டம் எழுதிக் கொடுக்கும் தலைவலி அந்த வருடம் என் தலையில் விழுந்தது. எழுதத் தெரிந்தவன் என்று பேரெடுத்தால் இதுதான் கதி.

அது வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு என்ற பேரில் ஆட்குறைப்பு, பேச்சில் அடிபட்ட வருடம். யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதைத் தவிர டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. இருமல் வந்தால்கூட ஆபீஸ் பக்கம் இருமாமல் அடக்கிக்கொண்டார்கள்.

எனக்குப் பயமெல்லாம் அண்ணாத்தேயை நினைத்துத்தான். ராயபுரத்துக்காரர், பெட்டிகளைக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க், ஐம்பது தாண்டியவர். போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான். மூச்சு வாங்கும்படி எதுவும் செய்யக் கூடாது என்றார் டாக்டர். யாரிடமும் சொல்லாதே என்றார் அண்ணாத்தே. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். முந்தைய வருடம் கயிறு இழுக்கும் போட்டியில் அவர்தான் எங்கள் அணியின் கடைசி ஆள். இந்த வருடமும் இழுப்பார். இழுத்துவிட்டு அங்கேயே விழுந்தால்?

அதனால் யோசித்து யோசித்து எழுதினேன். பழவேற்காடு போகிற வழியில் ஒரு மாந்தோப்பு. மேலே கபடி, கயிறு, ரிங் பால். கீழே, 'உடல்நிலை இடங்கொடுக்காதவர்களுக்கு' என்று போட்டு கேரம், தூண்டில், காலாற நடை. முதலுதவிப் பெட்டி, நாள் முழுக்க ஒரு வேன். யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

மேனேஜர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர், கபடிப் பைத்தியம். படித்துவிட்டு, "நல்லா இருக்கு. யார் யார் எதுலன்னு பேரைப் போட்டுக் கொண்டு வாங்க. கீழ இருக்குறதுல யார் யார்னு முக்கியமா தெரியணும்" என்றார்.

முக்கியமாவாம்! வீட்டுக்கு அனுப்பும் பட்டியலுக்குத்தானோ? எதற்கு என்று கேட்காமல் காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பேர் கேட்டுப் போனால், எங்கள் ஆட்கள் பதினாலு பேரும் கபடி, கயிறு. மூட்டுவலிக்காரர் கபடி. சர்க்கரைக்காரர் கயிறு. கேரமுக்கு ஓர் ஈ காக்கை இல்லை. அண்ணாத்தே என்னை கேட் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா நைனா பண்ணி வச்சுகீற? நோயாளிங்களுக்குனு தனியா கோடு போட்டு, அதுல வந்து குந்துன்னா எவன் குந்துவான்?"

"உனக்காகத்தான் அண்ணாத்தே..."

"எனுக்காகவா? என்னை வூட்டுக்கு அனுப்ப நீயே வழி காட்டிகினு கீற. நான் கயிறு இழுக்குறேன், போட்டுக்கோ."

கோபம் வந்தது. நல்லது செய்யப் போனவனுக்கு இது தேவையா? போய்ச் சாவு என்றுகூடச் சொல்லத் தோன்றியது. சொல்லிவிடவில்லை, நல்லவேளை.

அன்று சாயங்காலம் காலடிப்பேட்டையில் என் தெருமுனைக் கேரம் கிளப்பில் வழக்கம்போல இடம் கிடைக்காமல் நின்றேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன் எதிரில் வாட்ச்மேன். ஒரு காய் விழுந்ததற்குத் தெருவே கத்தியது. அப்போதுதான் என் மடத்தனம் உறைத்தது. வடசென்னையில் பிறந்து வளர்ந்தவன், கேரமை நோயாளிகள் ஆட்டம் என்று எழுதியிருக்கிறேன்!

மறுநாள் திட்டத்தை மாற்றினேன். கேரம் போட்டி முதலில், சுழற்கோப்பையோடு. கபடி, கயிறு, தூண்டில், நடை எல்லாம் அதன் கீழே, விரும்பியவருக்கு. உடல்நிலை என்ற சொல்லே இல்லை. பதினாலு பேரும் கேரமுக்குப் பேர் கொடுத்தார்கள். அண்ணாத்தே கேரமோடு நிறுத்திக்கொண்டார்.

மேனேஜர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல யாருக்கு உடம்பு சரியில்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். விளையாடத்தானே சார் போறோம்."

அவர் என்னையே பார்த்தார். போச்சு, நம் பேர்தான் முதலில் என்று நினைத்தேன். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "எனக்குக் கேரம் வராது. யாராவது சொல்லிக் கொடுங்க" என்றார்.

தோப்பில் கயிறு இழுத்தவர்கள் இழுத்தார்கள். அண்ணாத்தே கைக்குட்டையில் சுற்றி வீட்டிலிருந்தே தன் ஸ்டிரைக்கரைக் கொண்டுவந்திருந்தார். மாமர நிழலில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் கோப்பையை வாங்கினார்.

திரும்பும்போது வேனில், கோப்பையை மடியில் வைத்தபடி என் தோளில் சாய்ந்து தூங்கினார். எண்ணூர் தாண்டும்வரை அசையவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மெதுவாக அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

"உயிரோடதான் கீறேன்," கண்ணைத் திறக்காமலே சொன்னார். "கைய எடு."